நேரத்தை தற்காலிகமாக பிளாக் செய்வதும் பிறகு விடுவிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டத்துக்கான தேதி இன்னும் முடிவாகாதபோது சிலருடைய காலண்டரில் இரண்டு மூன்று நேரங்களைப் பிடித்து வைக்கிறோம். ஒன்று உறுதியானதும் மற்றவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பிடிப்பதை எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்கள், தகராறு வருவதெல்லாம் விடும்போதுதான். கீழே உள்ள பதில்கள் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துப் போகின்றன: ஒரு வடிவமைப்பைப் பரிசீலிக்க ஒன்றரை மணி நேரக் கூட்டம், குழுவிலிருந்து மூன்று பேர், வெளியிலிருந்து இரண்டு ஆலோசகர்கள். அடுத்த வாரம் செவ்வாய் காலை 10:00, புதன் பிற்பகல் 3:00, வியாழன் காலை 11:00 என்று மூன்று நேரங்கள் கையில் இருக்கின்றன. ஏற்பாடு செய்வது நீங்கள்.

ஒரே கூட்டத்துக்கு எத்தனை நேரங்களை பிளாக் செய்யலாம்?

இரண்டு, மிஞ்சினால் மூன்று. நம் உதாரணத்தையே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் மூன்று முறை ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரம் முடங்குகிறது. கூட்டத்துக்கு உண்மையில் தேவைப்படுவது ஏழரை மணி நேரம்தான். மீதிப் பதினைந்து மணி நேரத்தில் அந்த ஐந்து பேரும் வேறு யாருக்கும் நேரம் தர முடியாமல் இருப்பார்கள். இரண்டு நாளில் முடிவு தெரியும் என்றால் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் இழுத்தால் அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது, 'முதலில் முடிவு பண்ணிவிட்டுச் சொல்லுங்கள்' என்றுதான் பதில் வரும்.

ஐந்தாறு நேரங்களை யோசிக்க வேண்டிய நிலை இருந்தால் பிளாக் செய்யாதீர்கள். எந்த நேரங்கள் ஒத்துவரும் என்று முதலில் கேட்டு, ஒத்துவரும் இரண்டை மட்டும் பிறகு பிடியுங்கள்.

காலண்டரில் Tentative என்று போட்டாலே அது தற்காலிகம் என்று மற்றவர்களுக்குப் புரியாதா?

எப்போதும் புரியாது. அவுட்லுக்கில் ஒரு நிகழ்வை Free, Tentative, Busy என்றெல்லாம் காட்ட முடியும். Tentative என்பது கோடு போட்ட பட்டையாகத் தெரியும். கூகுள் காலண்டரில் ஒரு நிகழ்வுக்கு Busy, Free என்ற இரண்டே நிலைகள்தான் இருக்கின்றன. அழைக்கப்பட்டவர் Maybe என்று பதில் தரலாம், ஆனால் அது அவருடைய பதிலே தவிர உங்கள் நிகழ்வின் தன்மை அல்ல. ஒருவர் ஒரு செயலியிலும் இன்னொருவர் வேறொன்றிலும் இருக்கும்போது நீங்கள் போட்ட கோடு அங்கே போய்ச் சேரும் என்று நம்ப முடியாது.

அதனால் தலைப்பிலேயே சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு: 'தற்காலிகம் (1/3): வடிவமைப்புப் பரிசீலனை, முடிவு இந்த வியாழன் மாலைக்குள்'. அந்த 1/3 இருப்பதால், பார்ப்பவர் மூன்று கூட்டங்கள் என்று நினைத்துப் பதற மாட்டார். ஆனால் ஒன்று: அவருடைய காலண்டரில் நிரம்பியிருக்கிறதா காலியா என்பதை மட்டும் பார்க்க அனுமதி உள்ளவர்களுக்குத் தலைப்பு தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அந்த நேரம் போய்விட்டது, அவ்வளவுதான். விடுவிப்பதைத் தள்ளிப்போடுவதால் உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவர் நேரம் கிடைக்காமல் தவிப்பது இப்படித்தான்.

பிடித்து வைக்கும்போது அனுப்பும் செய்தியில் என்ன இருக்க வேண்டும்?

எந்தெந்த நேரங்கள், எதற்காக, யார் சொன்ன பிறகு முடிவாகும், எப்போது தானாகவே விடுபடும். கடைசியில் உள்ளதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத தற்காலிகம், மெல்ல மெல்ல நிரந்தரமாகிவிடும்.

> வணக்கம். வடிவமைப்புப் பரிசீலனைக்காக உங்கள் காலண்டரில் மூன்று நேரங்களைத் தற்காலிகமாக பிளாக் செய்திருக்கிறேன்: அடுத்த வாரம் செவ்வாய் காலை 10:00–11:30, புதன் பிற்பகல் 3:00–4:30, வியாழன் காலை 11:00–12:30. இவற்றில் ஒன்றுதான் தேவைப்படும். இரண்டு ஆலோசகர்களின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். இந்த வியாழன் மாலை 5 மணிக்குள் ஒன்றை உறுதிசெய்து மற்ற இரண்டையும் விடுவிக்கிறேன். அதற்குள் வேறு முக்கியமான வேலை வந்தால் எனக்கு ஒரு வரி போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரியைக் கவனியுங்கள். பிளாக் செய்வது வேண்டுகோள்தான், உரிமை இல்லை என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. மூத்தவர்களுக்கும் வெளியாட்களுக்கும் எழுதும்போது இதை விடாதீர்கள்.

கெடுவை எந்த நாளுக்கு வைப்பது?

பிடித்த நேரங்களில் முதலாவது எதுவோ அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செவ்வாய்தான் முதல் நேரம் என்றால், விடுபட்ட நேரத்தை ஒருவர் வேறு வேலைக்குப் பயன்படுத்த அவருக்கு இரண்டு வேலை நாட்களாவது வேண்டும். அதனால்தான் மேலே வியாழன் மாலை என்று வைத்தோம். வெள்ளியும் திங்களும் அவர்கள் கையில் இருக்கும். திங்கள் மாலை விடுவித்தால் செவ்வாய்க் காலையின் ஒன்றரை மணி நேரம் யாருக்கும் பயன்படாமல் போகும். காலண்டரில் காலியாகத் தெரிவதாலேயே அதை விடுவித்ததாகச் சொல்ல முடியாது.

'விரைவில் சொல்கிறேன்' என்பது கெடு ஆகாது. நாளும் மணியும் வேண்டும். அந்த மணிக்கு உங்கள் காலண்டரிலும் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆலோசகர்களில் ஒருவர் மட்டும் பதிலே சொல்லவில்லை. மூன்றையும் அப்படியே வைத்திருக்கலாமா?

மூன்றையும் வைத்திருக்கத் தேவையில்லை. முதல் ஆலோசகர் இந்த வாரச் செவ்வாய்க்கிழமையே, 'புதன் முடியாது, மற்ற இரண்டும் சரி' என்று பதில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடமே அடுத்த வாரப் புதன் செத்துவிட்டது. இரண்டாமவர் என்ன சொன்னாலும் அது திரும்பி வராது. அதை வியாழன் வரை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை, அன்றே விடுவித்துவிடுங்கள். எல்லா நேரங்களையும் கடைசியில் மொத்தமாக விடுவிப்பது என்று பழகியவர்கள் இந்த இடத்தில்தான் இரண்டு நாளை வீணாக்குகிறார்கள்.

இரண்டாமவருக்கு மறுநாள் மாலை ஒரே ஒரு நினைவூட்டல் போதும், ஆனால் அதைப் புதுக் கேள்வியாக எழுதுங்கள். 'பார்த்தீர்களா?' என்று கேட்டால் பார்த்தேன் என்பதே பதிலாக வரும். இப்படிக் கேளுங்கள்: 'செவ்வாய் காலை 10:00 அல்லது வியாழன் காலை 11:00, இரண்டில் எது உங்களுக்கு வசதி? நாளை மாலை 5 மணிக்குள் தெரிந்தால் மற்றதை எல்லோருக்கும் விடுவித்துவிடுவேன். அதற்குள் பதில் வராவிட்டால் செவ்வாயை வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.'

கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால் அவர் இல்லாமல் கூட்டம் நடக்குமா என்பதை நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். நடக்கும் என்றால் செவ்வாயை உறுதிசெய்யுங்கள். நடக்காது என்றால் இரண்டையும் விடுவித்துவிட்டு, அவர் கிடைத்த பிறகு புதிதாகத் தொடங்குங்கள். 'இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்' என்று நீட்டுவதைவிட இது நல்லது. நீட்டித்தே ஆகவேண்டும் என்றால் ஒரு முறை மட்டும், அதுவும் மற்றவர்களிடம் கேட்டுவிட்டு.

விடுவிக்கும் செய்தியை எப்படி எழுதுவது?

பெறுபவர் அதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிஞ்சக் கூடாது. அதற்கு முதல் வரியிலேயே எது விடுபட்டது என்று நாள், நேரத்தோடு இருக்க வேண்டும். எது நிற்கிறது என்பது அடுத்து வரட்டும். நன்றியும் மற்றதும் கடைசியில். நம்மில் பலர் தலைகீழாக எழுதுகிறோம்: நலம் விசாரிப்பு, பிறகு பொறுமைக்கு நன்றி, பிறகு என்ன நடந்தது என்ற கதை, ஐந்தாவது வரியில்தான் விஷயம். கைப்பேசியில் அறிவிப்பாக வரும் முதல் இரண்டு வரிகளை மட்டும் பார்ப்பவருக்கு விஷயம் போய்ச் சேராது.

புதனை மட்டும் விடுவிக்கும்போது:

> வணக்கம். புதன் பிற்பகல் 3:00–4:30 இனி தேவையில்லை, விடுவித்துவிட்டேன். செவ்வாய் காலை 10:00, வியாழன் காலை 11:00 இரண்டும் இன்னும் தற்காலிகமாக இருக்கின்றன. முன்பு சொன்னபடி இந்த வியாழன் மாலை 5 மணிக்குள் அவற்றையும் முடிவு செய்துவிடுகிறேன்.

செவ்வாய் உறுதியான பிறகு:

> வணக்கம். வியாழன் காலை 11:00–12:30 விடுவிக்கப்பட்டுவிட்டது. அந்த நேரத்தை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கூட்டம் செவ்வாய் காலை 10:00–11:30 என்று உறுதியாகிவிட்டது, திருத்திய அழைப்பு வந்திருக்கும். இத்தனை நாள் நேரத்தை ஒதுக்கி வைத்ததற்கு மிக்க நன்றி.

'வியாழன் தேவைப்படாது என்று நினைக்கிறேன்' என்று எழுதாதீர்கள். மரியாதையாகத் தோன்றும், ஆனால் பெறுபவர் அந்த நேரத்தை வேறொருவருக்குத் தரலாமா கூடாதா என்று புரியாமல் திண்டாடுவார். 'ஒருவேளை தேவைப்பட்டால் சொல்கிறேன்' என்பதும் அதே ரகம்தான். விட்டால் முழுதாக விட வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே மெயிலாக அனுப்பலாமா?

குழுவில் உள்ளவர்களுக்கு அனுப்பலாம். வெளியாட்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். ஒருவரால் முடியாமல் போனதால்தான் நேரம் மாறியது என்பதை இன்னொருவருக்குத் தெரியப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை.

விடுவிக்கும்போது காரணமும் மன்னிப்பும் சொல்ல வேண்டுமா?

ஒரு நேரம் உறுதியாகி மற்றவை விடுபடும்போது மன்னிப்புக்கு இடமே இல்லை. ஒன்றுதான் தேவை என்று முதலிலேயே சொல்லியிருக்கிறீர்கள், சொன்னபடி செய்திருக்கிறீர்கள். நன்றி மட்டும் போதும். அங்கே மன்னிப்புக் கேட்டால், ஏதோ தவறு நடந்திருக்கிறது போல என்று படிப்பவருக்குத் தோன்றும்.

கூட்டமே நடக்காமல் மூன்றும் விடுபடுகிறது என்றால் ஒரு வரிக் காரணம் தேவை: 'வடிவமைப்பின் முதல் பிரதி இன்னும் தயாராகவில்லை, அதனால் இந்தச் சுற்றைத் தள்ளிவைக்கிறோம்.' அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கெடுவைத் தாண்டி வைத்திருந்து விடுவிக்கிறீர்கள் என்றால் அப்போது மன்னிப்பு அவசியம், அதுவும் சரியான விஷயத்துக்கு: 'வியாழனே சொல்லியிருக்க வேண்டும், தாமதத்துக்கு மன்னிக்கவும்.' நேரத்தை விட்டதற்காக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, தாமதமாக விட்டதற்குத்தான் கேட்க வேண்டும்.

என் காலண்டரில் அந்த நிகழ்வை அழித்துவிட்டேன். அதுவே போதாதா?

அழித்தபோது ரத்துச் செய்தி அனுப்பினீர்களா என்பதைப் பொறுத்தது. காலண்டர் செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஐகேலண்டர் என்ற இணையத் தரநிலையில் (ஆர்எஃப்சி 5545, அழைப்பும் ரத்தும் போய்வரும் விதத்துக்கு ஆர்எஃப்சி 5546, இரண்டும் 2009) ரத்து என்பது தனியாக அனுப்ப வேண்டிய ஒரு செய்தி. அதன் சாரம் இவ்வளவுதான்:

```
METHOD:CANCEL
UID:(முதல் அழைப்பில் இருந்ததே)
SEQUENCE:1
STATUS:CANCELLED
```

நிகழ்வின் அடையாளமான UID முதல் அழைப்பில் இருந்ததாகவே இருக்க வேண்டும், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் SEQUENCE எண் முன்பு இருந்ததைவிடக் கூடியிருக்க வேண்டும். இவை பொருந்தினால்தான் பெறுபவரின் செயலி எந்த நிகழ்வை நீக்குவது என்று கண்டுகொள்ளும். அழிக்கும்போது 'பங்கேற்பாளர்களுக்குத் தெரிவிக்கவா?' என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்தச் செய்தி போகவே போகாது. உங்கள் திரையில் காலி, அவர் காலண்டரில் இன்னும் பிளாக். அவரோ நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று காத்துக்கொண்டிருப்பார்.

ரத்து சரியாகப் போனாலும் அவுட்லுக்கில் பெறுபவரின் காலண்டரில் 'Canceled:' என்ற தலைப்போடு அந்த நிகழ்வு நிற்கக்கூடும். Remove from Calendar என்பதை அவர் அழுத்தினால்தான் போகும். ஆக ரத்தும் வேண்டும், மனிதர் படிக்கும் ஒரு செய்தியும் வேண்டும். ரத்து அனுப்பும் இடத்திலேயே குறிப்பு எழுத வசதி இருந்தால் மேலே சொன்ன செய்தியை அங்கேயே போட்டுவிடலாம், இரண்டு மெயில் தேவையில்லை.

மூன்று நேரங்களையும் ஒரே தொடர் நிகழ்வாகப் போடாதீர்கள். மூன்று தனி நிகழ்வுகளாக இருந்தால் ஒன்றை நீக்கும்போது மற்றவற்றில் கை படாது.

உறுதிசெய்வது முதலிலா, விடுவிப்பது முதலிலா?

உறுதிசெய்வது முதலில். செவ்வாய்க்கான அழைப்பை அனுப்பி, கட்டாயம் வர வேண்டியவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு வியாழனை விடுங்கள். தலைகீழாகச் செய்து, அதற்குள் செவ்வாய் கெட்டுவிட்டால் கையில் எதுவுமே இருக்காது. ஆனால் இந்த இடைவெளி சில மணி நேரம்தான் இருக்க வேண்டும். எல்லோரும் ஏற்றுக்கொண்டாகிவிட்டது, அப்புறமும் வியாழன் 'எதற்கும் இருக்கட்டுமே' என்று நிற்கிறதென்றால், ஒரே கூட்டத்துக்கு நீங்கள் இரண்டு நேரங்களை பிளாக் செய்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

செவ்வாய்க்கு இருக்கும் தற்காலிக நிகழ்வையே திருத்தி உறுதியாக்குவது நல்லது: தலைப்பிலிருந்து 'தற்காலிகம் (1/3)' என்பதை எடுத்துவிட்டு, நிலையை Busy ஆக்கி, திருத்தத்தை அனுப்புங்கள். பழையதை விட்டுவிட்டுப் புது அழைப்பு அனுப்பினால் அதே நேரத்தில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அப்படிப் புதிதாகத்தான் அனுப்புவேன் என்றால் பழையதையும் ரத்து செய்ய மறக்காதீர்கள்.

நான் பிடித்து வைத்த நேரத்தையே இன்னொருவரும் கேட்கிறார். யாருக்கு முன்னுரிமை?

இசை நிகழ்ச்சி அரங்குகளை ஏற்பாடு செய்பவர்களிடம் இதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு தேதிக்கு முதல் ஹோல்டு, இரண்டாம் ஹோல்டு என்று வரிசை வைத்திருப்பார்கள். இரண்டாமவர் உறுதியாக எடுக்கத் தயாராகிவிட்டால் முதல்வரைச் சவாலுக்கு அழைக்கலாம்: குறிப்பிட்ட கெடுவுக்குள், பெரும்பாலும் ஓரிரு நாளில், உறுதிசெய்யுங்கள் அல்லது விட்டுக்கொடுங்கள். முதல்வர் பேசாமல் இருந்தால் தேதி இரண்டாமவருக்குப் போய்விடும்.

கூட்டங்களுக்கும் இதைச் சற்று மென்மையாகப் பயன்படுத்தலாம். அந்த நேரம் யாருடைய காலண்டரில் இருக்கிறதோ, கேட்பது அவருடைய வேலை: 'வியாழன் 11:00 மணியை வேறொருவர் உறுதியாகக் கேட்கிறார். நாளை மதியத்துக்குள் நீங்கள் உறுதிசெய்ய முடியுமா? இல்லையென்றால் அவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.' இப்படி ஒரு செய்தி வந்தால் கோபப்படாதீர்கள். வைத்திருக்க முடியுமா முடியாதா என்று மட்டும் பதில் சொல்லுங்கள்.

என் நேரத்தை பிளாக் செய்தவர் மறந்தே போய்விட்டார். எப்படிக் கேட்பது?

கெடு சொல்லியிருந்தால் அது தாண்டிய மறுநாள் கேளுங்கள். சொல்லவில்லையென்றால் அந்த நேரத்துக்கு மூன்று வேலை நாட்கள் முன்பு. குறை சொல்லும் தொனி வேண்டாம், ஆனால் முடிவையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

> வணக்கம். புதன் பிற்பகல் 3:00–4:30 என் காலண்டரில் தற்காலிகமாக இருக்கிறது. இது இன்னும் தேவைப்படுமா? நாளை மாலை வரை வைத்திருக்கிறேன். அதற்குள் தகவல் வராவிட்டால் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

சொன்ன நேரம் வந்ததும் உண்மையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தபின் 'சொன்னபடி அந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன்' என்று ஒரு வரி போட்டால் கணக்கு முடிந்தது.

ஆலோசகர் வேறு நாட்டில் இருக்கிறார். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பிடிக்கும்போதும் விடும்போதும் அவருடைய நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அழைப்பில் உள்ள நேரத்தைச் செயலியே அவருடைய நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடும், ஆனால் செய்தியில் உங்கள் நேரம் மட்டும் இருந்தால் எதை விட்டீர்கள் என்று அவர் தேட வேண்டியிருக்கும். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில், பிடித்த நாளுக்கும் கூட்ட நாளுக்கும் நடுவில் அந்த மாற்றம் வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

விடுவித்த நேரமே மறுபடி தேவைப்படுகிறது. கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் புதிதாகக் கேட்பது போலத்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தீர்களே என்ற உரிமை விடுவித்த நொடியே போய்விட்டது. 'வியாழன் 11:00 மணியை விடுவித்திருந்தேன். செவ்வாய் இப்போது முடியாமல் போய்விட்டது. அந்த நேரம் இன்னும் காலியாக இருக்கிறதா? நிரம்பிவிட்டால் பரவாயில்லை, அடுத்த வாரத்தில் பார்க்கிறேன்' என்று எழுதுங்கள். இந்த முறை தற்காலிகமாகப் பிடிக்காதீர்கள். மற்றவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு, அவர் சரி என்றதும் நேரடியாக உறுதியான அழைப்பை அனுப்புங்கள்.